ரயில் பெட்டியில் ஒரு வகுப்பறை

நூல்: டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி
ஆசிரியர்: டெட்சுகோ குரோயநாகி
தொடக்கநிலை நான்கு, ஐந்தில் படிப்பவர்களுக்கு

முதல் வகுப்பில் சேர்ந்த சில நாள்களிலேயே ஒரு சிறுமியைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அவள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. மேசையின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள், ஜன்னலோரம் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு இசைக்கச் சொன்னாள், கூடு கட்டும் குருவிகளிடம் பேசினாள். பாடம் நடத்த முடியவில்லை என்று ஆசிரியை வருந்துகிறார். ஆசிரியை என்ற முறையில் எனக்கு அவர்மீதும் சற்று இரக்கம் உண்டு.

அந்தச் சிறுமிதான் டோட்டோ-சான். ஜப்பானில் பின்னாளில் புகழ்பெற்ற நடிகையாகவும் தொலைக்காட்சித் தொகுப்பாளராகவும் விளங்கிய டெட்சுகோ குரோயநாகி, தம் சிறுவயது அனுபவங்களையே இந்நூலில் எழுதியிருக்கிறார். 1981இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த இது, பின்னர் தமிழிலும் வந்தது.

அம்மா அவளைத் தோமோயே என்ற சிறிய பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே ஓடாத ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். தலைமையாசிரியர் கோபயாஷி, அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு டோட்டோவின் எதிரே அமர்ந்து, உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல் என்கிறார். அவளும் சொல்லச் சொல்ல நான்கு மணி நேரம் ஓடிவிடுகிறது. அத்தனை நேரமும் அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை, சலிப்பைக் காட்டவில்லை. என் வகுப்பில் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியபோது, பின்வரிசை மாணவர் ஒருவர், "நான்கு மணி நேரமா, டீச்சர்?" என்று என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பணப்பை தொலையும் அத்தியாயம். டோட்டோவின் பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் பள்ளிக் காவலாளியின் நீண்ட அகப்பையை எடுத்துவந்து, குழியில் இருப்பதை வெளியே அள்ளிக் குவிக்கத் தொடங்குகிறாள். அவ்வழியே வந்த கோபயாஷி என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பணப்பையைத் தேடுகிறேன் என்றதும் போய்விடுகிறார். மீண்டும் அவர் வரும்போது குவியல் பெரிதாகியிருக்கிறது. அவர் திட்டவுமில்லை, உதவவுமில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்கிறார். நாற்றம் பிடித்த இந்தக் கதையைப் படித்துச் சிரித்த பிறகு, அந்தப் பணப்பை கிடைத்ததா, அவள் குழியை மூடினாளா என்பதை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். இந்நூலில் பெரியவர்கள் பேசுமிடங்களைவிடப் பேசாமல் விட்டுவிடுமிடங்களே அழகானவை என்று எனக்குத் தோன்றுகிறது.

உணவு வேளைக்கும் அங்கே ஒரு விதி உண்டு: ஒவ்வொரு பிள்ளையின் உணவுப் பெட்டியிலும் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும். எது குறைகிறதோ அதைத் தலைமையாசிரியரின் மனைவி பாத்திரத்திலிருந்து எடுத்துப் போடுவார். உங்கள் பெட்டியில் இருக்கும் நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும் தோமோயேயில் உடனே தேர்ச்சி பெற்றுவிடும்.

போலியோவால் கைகால்கள் பாதிக்கப்பட்ட யாசுவாக்கியை டோட்டோ தன் மரத்தில் ஏற்றிவிட முயலும் அத்தியாயத்தை அவசரமின்றிப் படியுங்கள். ஏணி, வியர்வை, பயம் எல்லாம் நம் கண்முன்னே நடப்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. பின்னால் வருத்தமான அத்தியாயங்களும் உண்டு. அவற்றைத் தனியாகப் படிக்கத் தயங்கினால், வீட்டில் பெரியவர் யாரையாவது அருகில் உட்காரச் சொல்லுங்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஜப்பானியப் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் தொடக்கத்தில் குழப்பம் வரும். சில அத்தியாயங்கள் சூடுபிடிப்பதற்குள் முடிந்துவிடுகின்றன. இன்னொன்றை நம் நாட்டுப் பிள்ளைகள் அறிந்து படிக்க வேண்டும். கதையில் போர் ஒரு குழந்தையின் கண்ணுக்கு எட்டும் அளவில்தான் வருகிறது: ரயில் நிலைய இயந்திரத்தில் காசு போட்டால் மிட்டாய் வருவதில்லை, வீட்டில் உணவு குறைகிறது. 1945இல் பள்ளியே குண்டுவீச்சில் எரிகிறது. அதே போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, சிங்கப்பூர் ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. இங்கே மக்கள் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு பசியாறினார்கள். அந்தப் பக்கத்தை இந்நூல் சொல்வதில்லை. அது டோட்டோவுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. சமூகவியல் பாடத்தில் படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், இரு ஊர்ப் பிள்ளைகளின் பசியும் ஒரே நேரத்தில் தெரியும்.

அத்தியாயங்கள் சிறியவை, எம்ஆர்டி பயணத்தில் ஒன்றிரண்டை முடித்துவிடலாம். சிஹிரோ இவாசாக்கியின் மென்மையான நீர்வண்ண ஓவியங்கள் உங்கள் பிரதியில் இருந்தால் அவற்றையும் பாருங்கள். பள்ளி நூலகத்தில் பிரதி இரவலில் போயிருந்தால், வட்டார நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் தேடிப் பாருங்கள்.