இளநிலை உதவியாளர் பணி நியமனத்தை ஏற்க இயலாமை குறித்த கடிதம்

அனுப்புநர்
ச. தேன்மொழி, எம்.எஸ்சி.,
திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர் – 607 002.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர் – 607 001.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: தமிழ்நாடு அமைச்சுப் பணி – வருவாய்த் துறை – இளநிலை உதவியாளர் பணி நியமனம் – ஏற்க இயலாமை தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ந.க. எண் அ2/4127/2025, நாள் 02.05.2025.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வின் வழியாகத் தெரிவு செய்யப்பட்ட எனக்கு, பார்வையில் காணும் ஆணையின்படி கடலூர் மாவட்ட வருவாய் அலகில் இளநிலை உதவியாளராகப் பணி நியமனம் வழங்கியமைக்கு என் பணிவான நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். பலமுறை எண்ணிப் பார்த்த பின்னர், இப்பணியில் சேர இயலாத நிலையில் இருக்கிறேன் என்பதை மிகுந்த மரியாதையுடன் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது நான் பத்தாம் வகுப்பு மாணவி. பண்ருட்டி வட்டத்திலிருந்த எங்கள் முந்திரித் தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது. அடுத்த சில நாள்களில் வருவாய்த் துறைப் பணியாளர்கள் விழுந்த மரங்களுக்கிடையே நடந்து சேதத்தைக் கணக்கெடுத்ததைப் பார்த்த நாளிலிருந்தே இத்துறையின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. தேர்வுக்கு விண்ணப்பித்ததற்கும் அதுவே காரணம். ஆகவே என் முடிவை அரசுப் பணியைக் குறைவாக மதித்ததாகக் கருத வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

2019 முதல் புதுச்சேரியில் உள்ள தனியார் மருந்து உற்பத்தி நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டு வேதியியலராகப் பணிபுரிந்து வருகிறேன். சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் முடிந்த பின்னர், கடந்த மாதம், அந்த ஆய்வகத்தின் பொறுப்பு முழுவதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயாளியின் கைக்குச் செல்லும் ஒவ்வொரு தொகுதி மருந்தும் அங்குச் சோதித்துக் கையொப்பமிடப்பட்ட பின்னரே வெளியேறும். நான் படித்த வேதியியல் அன்றாடம் பயன்படும் இடம் அது என்பதாலும், என்னிடம் பயிற்சி பெறும் இளம் வேதியியலர்களை இடையில் விட்டுவர மனம் ஒப்பாததாலும், அத்துறையிலேயே தொடர முடிவு செய்துள்ளேன். கலந்தாய்வின்போதே இதைத் தெரிவிக்க இயலாமல் போனதற்கு வருந்துகிறேன்.

இம்முடிவு எவருடைய வற்புறுத்தலுமின்றி, என் முழு விருப்பத்தின் பேரில் எடுக்கப்பட்டதாகும். நான் இதுவரை பணியேற்கவில்லை. இந்நியமனத்தின் அடிப்படையில் பிற்காலத்தில் எவ்வித உரிமையும் கோரமாட்டேன் என உறுதியளிக்கிறேன். இப்பணியிடத்திற்காகக் காத்திருப்போரின் நிலையை நானும் அறிவேன் என்பதால், பணியேற்புக் காலம் முடியும்வரை காத்திராமல் இக்கடிதத்தை அளிக்கிறேன். விதிகளுக்கு உட்பட்டு அவ்விடத்தை விரைவில் நிரப்ப இது உதவுமாயின் மகிழ்வேன்.

அருள்கூர்ந்து என் விருப்பமின்மையை ஏற்று, நியமன ஆணையை ரத்து செய்து, அதன் விவரத்தை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அசல் நியமன ஆணையும் அடையாள அட்டையின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இடம்: கடலூர்
நாள்: 14.05.2025

தங்கள் உண்மையுள்ள,
ச. தேன்மொழி