போனில் ஒரு தடவை, வாயில் பத்துத் தடவை

(சீர்காழியில் சனிக்கிழமை தேவார வகுப்பில் சேரும் குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை பேசுவதற்கான உரை. சுமார் எட்டு நிமிடம். அடைப்புக்குறிக்குள் இருப்பவை பேசுபவருக்கான குறிப்புகள்.)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் பிரகாரத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம்.

போன வாரம் வகுப்புக்கு முன்னால் ஒன்று பார்த்தேன். நாலு வயசுக் குழந்தை, அம்மா மடியில் உட்கார்ந்து போனில் பிள்ளையார் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் கூப்பியிருந்தது, பார்க்கவே அழகாக இருந்தது. பாதிப் பாட்டில் விளம்பரம் வந்தது. ஒரு கை கூப்பினபடியே நிற்க, இன்னொரு கை மட்டும் இறங்கி வந்து Skip-ஐத் தட்டிவிட்டு மறுபடி மேலே போய்ச் சேர்ந்துகொண்டது. அந்தக் குழந்தைமேல் ஒரு தப்பும் இல்லை. நாம் எப்படிக் காட்டினோமோ அப்படிக் கற்றுக்கொண்டது.

பக்தி வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்களில் பலருக்குப் பதிகம் பாடத் தெரியாது. ஓதுவார் குரலில் பண்ணோடு கேட்க, வீட்டில் இருந்தபடியே, இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சாமி வீடியோதானே, எவ்வளவு பார்த்தாலும் நல்லதுதான் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். குழந்தையின் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் அதுவும் ஒரு திரைதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இது: இரண்டு வயசுக்குள் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயசு வரைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஐந்திலிருந்து பத்து வயசுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. கார்ட்டூன், பாட்டு, சாமி கதை, மூன்றும் சேர்ந்த கணக்கு இது. அதில் நமக்கு வேண்டியது பத்தே நிமிடம்.

(போனை எடுத்துக் காட்டவும்.)

அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் செலவு செய்வது? இந்த மாதம் நாம் எடுக்கப் போவது சம்பந்தரின் முதல் பதிகம், ‘தோடுடைய செவியன்’. முதல் பாட்டுக்கு நாலு அடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவை ஒரு தடவை மட்டும், குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். டிவியில் போட முடிந்தால் போடுங்கள், குழந்தை போனைக் கண்ணருகே பிடிக்காது. முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிட்டு இணையத்தை அணைத்துவிடுங்கள், விளம்பரமும் வராது, அடுத்த வீடியோவும் தானாக ஓடாது. அது முடியாவிட்டால் Autoplay-ஐயாவது நிறுத்துங்கள். YouTube Kids வைத்திருப்பவர்கள் அதில் Timer போடலாம், நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படியும் வைக்கலாம்.

திங்கள் முதல் வியாழன் வரை திரை கிடையாது. ஒரு நாளைக்கு ஓர் அடி. விளக்கேற்றும்போது நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். ராகம் மறந்துபோனால் போனைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். உங்கள் குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்படாதீர்கள். அம்மா பாடியது என்பதற்காகவே பிள்ளை அதைப் பெரியவனான பிறகும் நினைவில் வைத்திருப்பான்.

இப்படி நிறுத்தி நிறுத்திப் போனால்தான் கேள்வி வரும். ‘உள்ளங்கவர் கள்வன்’ என்ற இடம் வந்ததும் என் பேத்தி, “பாட்டி, சாமியைப் போய்த் திருடன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள். எதைத் திருடினார் என்று நான் கேட்க, கொஞ்சம் யோசித்து, “மனசை” என்றாள். அதே வீடியோவை அவள் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வீடியோ நிற்காமல் ஓடியது, கேள்வியும் அதோடு ஓடிப்போய்விட்டது. அப்புறம் கடைசி அடியில் ‘பிரமாபுரம்’ என்று வருகிறதே, அது நம் ஊர். சீர்காழிக்கு உள்ள பன்னிரண்டு பெயர்களில் அதுவும் ஒன்று. இதைப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று.

சம்பந்தர் கதைக்கும் இதே மாதிரிதான். அப்பா குளிக்கப் போகிறார், குளக்கரையில் மூன்று வயசுப் பிள்ளை அழுகிறது, அம்மையே வந்து பொற்கிண்ணத்தில் பால் தருகிறாள். படமாக ஒரு தடவை பார்க்கட்டும். மறுநாள் படம் இல்லாமல் நீங்களோ தாத்தாவோ சொல்லுங்கள். நடுநடுவே கேளுங்கள்: “அப்பா கையில ஏன் குச்சி எடுத்தார்?” “பால் யார் கொடுத்தான்னு கேட்டதும் குழந்தை எங்கே கை காட்டுச்சு?” தாளும் கலரும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். படத்தில் பார்த்த சம்பந்தர் ஒருவர், உங்கள் பிள்ளை மனதில் உருவாகும் சம்பந்தர் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர்தான் வேண்டும்.

(இங்கே குரலைத் தாழ்த்தி, நிதானமாக.)

இனி, அணைக்கும் நேரம். எல்லா வீட்டிலும் அழுகை வருவது அப்போதுதான். வீடியோ போடுவதற்கு முன்பே இப்படிச் சொல்லுங்கள்:

“கண்ணா, இன்னைக்கு ஒரே ஒரு பாட்டு. முடிஞ்சதும் நீயே அணைச்சு அம்மாகிட்ட குடு. அப்புறம் ரெண்டு பேரும் விளக்கேத்தலாம், திரி நீதான் போடணும்.”

முடிந்ததும் “இன்னொண்ணு” என்று கேட்பான். கோபப்படாமல்:

“இன்னும் பார்க்கணும்னு இருக்கு, அம்மாவுக்குத் தெரியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். இப்ப வா, எண்ணெய் ஊத்தலாம்.”

அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். அழுகையை நிறுத்த மறுபடி போனைக் கொடுத்தால், நாளைக்கு இன்னும் சத்தமாக அழ வேண்டும் என்று அவன் தெரிந்துகொள்வான்.

தாத்தா பாட்டி போனைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று பலர் சொன்னீர்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். “அப்பா, இவனுக்குக் கண்ணப்பர் கதை நீங்க சொன்னாதான் பிடிக்குது, தினமும் சாப்பிட்டதும் சொல்றீங்களா?” என்று கேளுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஒன்று, சாமி பாட்டு வீடியோ காட்டிச் சோறு ஊட்டுவது. குழந்தை சோற்றையும் கவனிப்பதில்லை, பாட்டையும் கவனிப்பதில்லை. இன்னொன்று, “தேவாரம் சொன்னா கேம் விளையாடப் போன் தர்றேன்” என்பது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அந்த வீட்டில் பதிகம் போனுக்குக் கொடுக்கிற விலையாகிவிடும். விலை கொடுப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? வேகவேகமாக முடித்துவிட்டுக் கையை நீட்டும் பிள்ளையை நான் இதே மண்டபத்தில் பார்த்திருக்கிறேன். மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

நாமும் விளக்கேற்றும் நேரத்தில் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு வர வேண்டும். பிள்ளை பாடும்போது அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் வேண்டாம். கேமராவைப் பார்த்ததும் அதன் கண் சாமியை விட்டு நம்மிடம் வந்துவிடுகிறது.

வருகிற சனிக்கிழமை வகுப்பு இந்த மண்டபத்தில் இல்லை, பிரம்ம தீர்த்தக் கரையில். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்துவிடுங்கள். சம்பந்தருக்குப் பால் கிடைத்த இடத்திலேயே பிள்ளைகள் உட்கார்ந்து முதல் பாட்டைப் பாடட்டும். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் கொண்டு வாருங்கள். போன்கள் எல்லாம் என் பையில் இருக்கும், கிளம்பும்போது தருகிறேன்.

(பதிகத்தின் முதல் பாட்டு அச்சிட்ட தாள்களைக் கொடுக்கவும்.)