திங்கட்கிழமை கூட்டத்தில் நேராகச் சொல்லாதது

வணக்கம். திங்கட்கிழமை கூட்டத்தில் "மறுசீரமைப்பு" என்று நாற்பது நிமிடம் சுற்றி வளைத்தேன், அது சரியில்லை. நம் திருகோணமலை அலுவலகத்தின் 64 பேரில் 11 பேரின் வேலை இம்மாதக் கடைசியோடு முடிகிறது. ஒரு பெரிய ஒப்பந்தத்தை நம்பி ஆட்களை எடுத்தேன், அது கைநழுவியது. கணக்குப் பிழை என்னுடையது, அவர்களின் வேலையில் குறையில்லை. 11 பேரோடும் நேரில் பேசிவிட்டேன், அதனால் இதைப் பார்த்து யாரும் புதிதாகப் பதற வேண்டாம்.

மூன்று மாதச் சம்பளம் தருகிறோம். ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, அது சட்டப்படி உங்கள் உரிமை, எங்கள் தயவு இல்லை. சேமலாப நிதிப் படிவங்களுக்கும் உதவுவோம்.

இனி ஆட்குறைப்பே வராது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. வெள்ளி பின்னேரம் கன்டீனில் இருப்பேன், கோபமிருந்தாலும் வாங்கோ.