ஆரையம்பதியில் இரத்ததான முகாம்: முதன்முறையாக வருபவர்களுக்கும் சேர்த்தே இந்த அழைப்பு

உலக இரத்ததான தினமான 2026 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30 மணி முதல் பிற்பகல் 2.30 மணி வரை, எமது இளைஞர் கழகத்தின் இரத்ததான முகாம் ஆரையம்பதி பல்தேவை மண்டபத்தில் நடைபெறும். மட்டக்களப்பு இரத்த வங்கியின் வைத்தியர்களும் தாதியரும் வருகை தருகின்றனர். முன்பதிவு தேவையில்லை. கச்சான் காற்றின் வெக்கை ஏறுமுன் காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

18 வயது நிறைந்த, 60 வயதைத் தாண்டாத, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, நல்ல உடல்நலத்துடன் இருக்கும் ஆண், பெண் இருபாலாரும் இரத்தம் வழங்கலாம். முன்னர் வழங்கியவராயின், அதன்பின் நான்கு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இப்போது வழங்க வேண்டாம். அண்மையில் காய்ச்சல் வந்தவர்களும், மருந்து எடுப்பவர்களும், பச்சை குத்தியவர்களும் அதை வைத்தியரிடம் மறைக்காமல் கூற வேண்டும். நீங்கள் சொல்லும் உண்மைதான் அந்த இரத்தத்தைப் பெறும் நோயாளிக்கு முதல் பாதுகாப்பு. தேசிய அடையாள அட்டையைத் தவறாமல் கொண்டு வாருங்கள்.

முதன்முறையாக வர எண்ணித் தயங்குபவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என் முதல் முறையில் படிவத்தை நிரப்பும்போதே எனக்குக் கை நடுங்கியது. முதலில் விரல் நுனியில் சிறிதாகக் குத்தி, ஒரு துளி இரத்தத்தை நீல நிறக் கரைசலில் விடுவார்கள். துளி உடனே அடியில் இறங்கினால் உங்கள் உடலில் ஹீமோகுளோபின் போதிய அளவு உண்டென்று பொருள். அடுத்து வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்பார். அதன் பிறகுதான் கட்டில். ஊசி ஏறும் கணம் வலிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் "பயப்படாதீங்க மகன், கையைப் பொத்திப் பொத்தித் திறவுங்க" என்று தாதி அம்மா சொல்லி முடிப்பதற்குள் அந்த வலி போய்விட்டிருந்தது. எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், ஆகும் நேரம் பத்து நிமிடம் வரை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஐந்து லீற்றர் அளவில் இரத்தம் ஓடுகிறது. எடுத்ததன் நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் நிரம்பிவிடும், செங்குருதிக் கலங்கள் மீளச் சில வாரங்கள் ஆகும். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் புதிய பையுமே பயன்படும் என்பதால், இரத்தம் வழங்குவதால் எந்தத் தொற்றும் வராது.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். காலையில் இடியப்பமோ பிட்டோ சாப்பிட்டு, தண்ணீரும் தாராளமாகக் குடித்துவிட்டு வாருங்கள். வழங்கிய பின் கால்மணி நேரமாவது அமர்ந்து இளைப்பாறிச் சிற்றுண்டி உண்டு செல்லுங்கள்; அன்று பாரம் தூக்க வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள், படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்று உங்களால் வழங்க முடியாதென வைத்தியர் சொன்னாலும், கட்டில்வரை வந்து மனம் மாறினாலும், யாரும் உங்களைக் குறையாகப் பேசமாட்டார்கள். தனியே வரத் தயங்கினால் மண்டப வாசலில் நிற்கும் எமது உறுப்பினரிடம் "முதல் தடவை" என்று சொல்லுங்கள். முடிந்து வெளியே வரும்வரை ஒருவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்.