பழ ஈ இருபண்புக் கலப்பு: இரண்டாம் தலைமுறை விகிதத்தின் மேல் கை-வர்க்கச் சோதனை

மரபியல் செய்முறை அறிக்கை, முதுகலை விலங்கியல், முதலாம் ஆண்டு

முடிவு முதலில்

குறுஞ்சிறகு (வெஸ்டிஜியல்) ஈக்களையும் கருநிற உடல் (எபனி) ஈக்களையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் 523 ஈக்களை எண்ணினோம். எதிர்பார்த்த 9:3:3:1 விகிதத்தோடு அவை பொருந்தவில்லை (χ² = 8.51, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3, p = 0.037). ஆனால் இதை வைத்து "மெண்டலின் சார்பின்றி ஒதுங்குதல் விதி பொய்த்தது" என்று எழுத முடியாது. பொருத்தக் குறைவு முழுக்கச் சிறகு ஜீனின் 3:1 விகிதத்தில்தான் இருக்கிறது. உடல் நிறம் 3:1-க்குப் பொருந்துகிறது. இரு ஜீன்களும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்பதற்கும் சான்று இல்லை.

கலப்பு

ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டரில் குறுஞ்சிறகு ஜீன் இரண்டாம் குரோமோசோமிலும், எபனி ஜீன் மூன்றாம் குரோமோசோமிலும் இருக்கின்றன. இரண்டும் ஒடுங்கு பண்புகள். வேறுவேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றையொன்று சாராமல் பிரிய வேண்டும். 9:3:3:1 என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்துதான் வருகிறது.

தாயாகக் குறுஞ்சிறகுப் பெண்களையும், தந்தையாக எபனி ஆண்களையும் எடுத்துக்கொண்டோம். மாற்றி வைக்காததற்குக் காரணம் உண்டு: ஆண் ஈ சிறகை அதிர்த்துத்தான் பெண்ணை நாடும். குறுஞ்சிறகு ஆணுக்கு அது சரியாக வராது, கலப்பும் மந்தமாகும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பெண்களைப் பிரித்துவிட்டதால் அவை கன்னி ஈக்கள்.

முதல் தலைமுறை ஈக்கள் எல்லாமே சாம்பல் உடலும் இயல்பான சிறகும் கொண்டிருந்தன. அவற்றை உடன்பிறந்தவற்றோடே ஐந்து பாட்டில்களில் விட்டோம். உணவு ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட். வெப்பநிலை 25 °C. ஏழாம் நாள் பெற்றோரை எடுத்துவிட்டோம். பத்தாம் நாள் முதல் பதினேழாம் நாள் வரை வெளிவந்தவற்றை ஈதர் கொடுத்து மயக்கி, வெள்ளை ஓட்டில் பரப்பி எண்ணினோம். அதற்கு மேல் போனால் அடுத்த தலைமுறை கலந்துவிடும். "உயிரோடு வெளிவந்த ஈக்களை மட்டும் எண்ணுவது" என்று கலப்பைத் தொடங்கும்போதே ஏட்டில் எழுதி வைத்திருந்தோம். இந்த வரி கடைசியில் தேவைப்பட்டது.

எண்ணிக்கை

இன்மைக் கருதுகோள்: இரண்டாம் தலைமுறை 9:3:3:1 விகிதத்தில் பிரிகிறது, வேறுபாடு தற்செயலானது.

| புறத்தோற்றம் | கண்டது | எதிர்பார்த்தது | (கண்டது − எதிர்பார்த்தது)² ÷ எதிர்பார்த்தது |
|---|---|---|---|
| சாம்பல் உடல், இயல்பு சிறகு | 318 | 294.19 | 1.93 |
| எபனி உடல், இயல்பு சிறகு | 101 | 98.06 | 0.09 |
| சாம்பல் உடல், குறுஞ்சிறகு | 83 | 98.06 | 2.31 |
| எபனி உடல், குறுஞ்சிறகு | 21 | 32.69 | 4.18 |
| மொத்தம் | 523 | 523 | 8.51 |

நான்கு வகை, மொத்தம் ஒன்று நிலையாக இருப்பதால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3. 5% மட்டத்தில் அட்டவணை மதிப்பு 7.815. நமது 8.51 அதைத் தாண்டுகிறது, எனவே இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. 1% மட்டத்தின் 11.345-ஐத் தாண்டவில்லை. கையால் போட்ட கணக்கை ஆர் மென்பொருளிலும் சரிபார்த்தோம்:

```
obs <- c(318, 101, 83, 21)
chisq.test(obs, p = c(9, 3, 3, 1)/16)
```

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ரஃப் நோட்டில் எண்ணிக்கைகளைச் சதவீதமாக மாற்றிக்கொண்டு கணக்குப் போட்டேன். வந்த விடை 1.63. "பொருந்துகிறது" என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. கூட்டாளி பார்த்துவிட்டு, "523 ஈயை 100 ஈயா ஆக்கிட்டியே, மீதி 423 எங்கே போச்சு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. சதவீதத்தில் போட்டால் நூறே நூறு ஈக்களை எண்ணியது போலாகும். கை-வர்க்க மதிப்பும் அதே அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தச் சோதனைக்கு உண்மை எண்ணிக்கைதான் வேண்டும்.

பிழை எங்கே இருக்கிறது

8.51 என்ற ஒற்றை எண் "பொருந்தவில்லை" என்று மட்டும்தான் சொல்லும், எந்த இடத்தில் என்று சொல்லாது. அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பார்த்தால் குறுஞ்சிறகு வரிகள் இரண்டும் சேர்ந்தே 6.49 கொடுக்கின்றன. அந்த இரண்டிலும் கண்டது எதிர்பார்த்ததை விடக் குறைவு. ஆகவே மூன்று டிகிரியையும் மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்தோம்.

| கேள்வி | கண்டது | χ² (டிகிரி 1) | p |
|---|---|---|---|
| சிறகு 3:1-ஆ? | 419 : 104 | 7.30 | 0.007 |
| உடல் நிறம் 3:1-ஆ? | 401 : 122 | 0.78 | 0.38 |
| இரு ஜீன்களும் சார்பின்றிப் பிரிகின்றனவா? | நான்கு வகையும் சேர்த்து | 0.43 | 0.51 |

மூன்றாவது வரிக்கான கணக்கு இது:

```
(318 - 3*101 - 3*83 + 9*21)^2 / (9*523) = (-45)^2 / 4707 = 0.43
```

மூன்றையும் கூட்டினால் 8.51, அதாவது முதலில் வந்த அதே மதிப்பு. ஒரு டிகிரிக்கான அட்டவணை மதிப்பு 3.841. சிறகு மட்டும்தான் அதைத் தாண்டுகிறது. யேட்ஸ் திருத்தம் போட்டுப் பார்த்தாலும் சிறகுக்கு 7.03 வருகிறது, எதிர்பார்த்த எண்கள் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அந்தத் திருத்தம் தேவையும் இல்லை.

குறுஞ்சிறகு ஈக்கள் 25% வர வேண்டிய இடத்தில் 19.9%தான் வந்திருக்கின்றன. இயல்பான சிறகு ஈக்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால், வர வேண்டியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு (0.74).

பாட்டிலுக்குப் பாட்டில்

| பாட்டில் | இயல்பு சிறகு | குறுஞ்சிறகு | 3:1-க்கு χ² |
|---|---|---|---|
| 1 | 87 | 24 | 0.68 |
| 2 | 82 | 23 | 0.54 |
| 3 | 90 | 25 | 0.65 |
| 4 | 79 | 13 | 5.80 |
| 5 | 81 | 19 | 1.92 |

நாலாம் பாட்டில் கண்ணை உறுத்துகிறது. அதன் பஞ்சு மூடி நனைந்து போய், உணவின் மேல் நீர் கோத்திருந்தது. "அதை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் போடலாமே" என்ற யோசனை எங்களுக்கும் வந்தது. போட்டால் 340 : 91, χ² = 3.47, சோதனையில் தப்பித்துவிடும்! ஆனால் அப்படிச் செய்யும் முன் பாட்டில்கள் தங்களுக்குள் உண்மையாகவே வேறுபடுகின்றனவா என்று கேட்க வேண்டும். ஐந்து மதிப்புகளின் கூட்டுத்தொகை 9.58; அதில் மொத்தத்தின் 7.30-ஐக் கழித்தால் 2.28, டிகிரி 4, p = 0.68. பாட்டில்களுக்குள் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது. எல்லாப் பாட்டிலிலும் குறைவு ஒரே பக்கமாகவே இருக்கிறது: ஒன்றில்கூடக் குறுஞ்சிறகு கால் பங்கைத் தொடவில்லை. ஆகவே நாலாம் பாட்டிலையும் வைத்துக்கொண்டோம்.

ஒட்டிக்கொண்ட ஈக்கள்

எண்ணி முடித்தபின் பாட்டில்களைக் கழுவும் முன் உணவின் மேற்பரப்பை லென்ஸில் பார்த்தோம். 16 ஈக்கள் முதுகு உணவில் பதிய, கால்களை மேலே நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. உடல் கறுத்து ஊறிப் போனதால் நிறத்தைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிறகு தெரிந்தது: 14 குறுஞ்சிறகு, 2 இயல்பு. பறக்க முடியாத ஈ பாட்டிலின் சுவரில் ஏறுகிறது, வழுக்குகிறது, ஈர உணவில் விழுகிறது. உந்தி எழச் சிறகு இல்லை. இயல்பான ஈ விழுந்தாலும் எழுந்துவிடும்.

இந்த 16-ஐயும் சேர்த்தால் சிறகு விகிதம் 421 : 118, χ² = 2.78, p = 0.096. அதாவது 3:1-ஐ நிராகரிக்க முடியாது. இருந்தாலும் அறிக்கையின் முடிவு உயிருள்ள 523 ஈக்களின் மேல்தான் நிற்கிறது. முன்பே எழுதிய விதி அதுதான். விடை பிடிக்கவில்லை என்று தெரிந்தபின் தேடி எடுத்த ஈக்களைச் சேர்த்து விடையை மாற்றினால், நாலாம் பாட்டிலைத் தூக்கி எறிவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனவே இதை விளக்கமாக மட்டும் தருகிறோம். சேர்த்த பிறகும் குறைவு முழுதாக நிரம்பவில்லை (எதிர்பார்த்தது 134.75). முட்டைக்கும் வெளிவருவதற்கும் இடையே, புழுப் பருவத்திலோ கூட்டிலோ சில இறந்திருக்கலாம். அதை இந்தச் சோதனையால் காட்ட முடியாது, ஏனென்றால் நாங்கள் முட்டைகளை எண்ணவில்லை.

விளக்கம்

9:3:3:1 என்ற எதிர்பார்ப்பில் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. ஜீன்கள் இப்படிப் பிரிகின்றன என்பது ஒன்று. எல்லா வகைகளும் எண்ணும் நாள் வரை ஒரே மாதிரி பிழைக்கின்றன என்பது மற்றொன்று. எங்கள் எண்கள் முதலாவதை அசைக்கவில்லை, இரண்டாவதைத்தான் அசைக்கின்றன. இரு ஜீன்களும் பிணைந்திருந்தால் மூன்றாம் கேள்வியின் மதிப்பு ஏறியிருக்கும். அது 0.43-இல் நிற்கிறது. ஆனால் p = 0.51 என்பது சார்பின்மையை நிரூபிக்கவில்லை. இந்த அளவு எண்ணிக்கையில் அதற்கு எதிரான சான்று கிடைக்கவில்லை என்பதே பொருள்.

மெண்டல் பட்டாணியில் எண்ணிய 315, 101, 108, 32 என்ற 556 விதைகளை இதே கணக்கில் போட்டால் 0.47 மட்டுமே வருகிறது. பட்டாணி விதை உணவில் வழுக்கி விழுவதில்லை.

அடுத்த முறை

உணவில் அகரைச் சற்றுக் கூட்டி, ஊற்றிய பின் ஒரு நாள் உலரவிட்டு, மடித்த வடிதாள் துண்டு ஒன்றைச் செருகி வைக்கப் போகிறோம்; ஈக்கள் பிடித்து ஏற அது போதும். பாட்டிலுக்குப் பெற்றோர் இணைகளைக் குறைத்தால் நெரிசலும் குறையும். உணவில் ஒட்டிச் செத்தவற்றை எண்ணுவதா, எண்ணினால் எப்படி வகைப்படுத்துவது என்பதை முட்டையிடும் முன்பே ஏட்டில் எழுதிவிடுவோம். முட்டைகளைத் தனியே எண்ணி எடுத்து வைக்க முடிந்தால், எந்தப் பருவத்தில் குறுஞ்சிறகு ஈக்கள் குறைகின்றன என்ற கேள்விக்கும் விடை தேடலாம்.