மோர் முறையில் நிலத்தடி நீரின் குளோரைடு அளவு: ஆய்வக அறிக்கை

பாடம்: பருமனறி பகுப்பாய்வு, இளநிலை வேதியியல்
குழு: 4
மாதிரி எடுத்த நாள்: 17.02.2025
தரம்பார்த்த நாள்: 18.02.2025
ஆய்வக வெப்பநிலை: 29 °C

நோக்கம்

வடசென்னையின் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளிலும் ஒரு குடிநீர்க் குழாயிலும் உள்ள குளோரைடை அளந்து, இந்தியக் குடிநீர்த் தரமான IS 10500:2012 வரையறையுடன் ஒப்பிடுவது. இத்தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு 250 மி.கி./லி. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1000 மி.கி./லி. வரை அனுமதி உண்டு.

தத்துவம்

வேதியியலாளர் மோரின் பெயர் பெற்ற இம்முறையில், பொட்டாசியம் குரோமேட் கலந்த மாதிரியில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்க்கும்போது முதலில் வெண்ணிற வெள்ளி குளோரைடு வீழ்படிவாகிறது. குளோரைடு தீர்ந்ததும் அடுத்த துளி குரோமேட்டுடன் சேர்ந்து செங்கல் சிவப்பு வீழ்படிவைத் தருகிறது.

```
Ag+ + Cl-       -> AgCl
2Ag+ + CrO4(2-) -> Ag2CrO4
```

100 மி.லி. கரைசலில் 5% பொட்டாசியம் குரோமேட் 1 மி.லி. இருந்தால், சிவப்பு தொடங்க வெள்ளி அயனிச் செறிவு ஏறத்தாழ 2.1 × 10⁻⁵ M ஆக வேண்டும். சமான நிலையில் அது 1.3 × 10⁻⁵ M மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் அளவு சிவப்பு திரளவும் கொஞ்சம் வெள்ளி செலவாகும். ஆகவே முடிவு நிலை எப்போதும் சற்றுத் தள்ளியே வருகிறது. வெற்றுத் தரம்பார்த்தலைக் கழிக்காத எந்தப் பியூரெட் செலவும் கூடுதலாகவே இருக்கும்.

மாதிரிகள்

அ: காசிமேடு, கடற்கரையை ஒட்டிய தெருவின் ஆழ்துளைக் கிணறு.
ஆ: வியாசர்பாடி, குடியிருப்பு ஆழ்துளைக் கிணறு.
இ: தண்டையார்பேட்டை, மெட்ரோ வாட்டர் குழாய்.

மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்ட பிறகே கிணற்று நீர் பிடிக்கப்பட்டது. குழாயில் தேங்கிய நீர் கிணற்றின் நீர் ஆகாது. 1 லிட்டர் பிளாஸ்டிக் புட்டி அதே நீரால் மூன்று முறை அலசப்பட்டது. குளோரைடுக்குப் பதப்படுத்தும் பொருள் தேவையில்லை. மூன்று மாதிரிகளின் பி.எச். 7.2 முதல் 7.6 வரை இருந்ததால் திருத்தம் செய்யவில்லை. அமிலத்தன்மை இருந்தால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி முடிவு நிலை தாமதமாகும், பி.எச். 10-ஐத் தாண்டினால் வெள்ளி ஆக்சைடு படியும்.

செய்முறை

1. உலர்த்திய சோடியம் குளோரைடு 0.2922 கி. எடை போட்டு, 250 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்து 0.0200 N கரைசல் தயாரிக்கப்பட்டது.
2. வெள்ளி நைட்ரேட் 1.70 கி., 500 மி.லி. வாலை வடிநீரில் கரைக்கப்பட்டு, ஒளி படாதபடி பழுப்புப் புட்டியில் வைக்கப்பட்டது.
3. கூம்புக் குடுவையில் 20.0 மி.லி. சோடியம் குளோரைடு எடுத்து, வாலை வடிநீரால் 100 மி.லி. ஆக்கி, குரோமேட் 1 மி.லி. சேர்த்துத் தரம்பார்க்கப்பட்டது.
4. அ, ஆ மாதிரிகள் அதே பிப்பெட்டால் 20.0 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கப்பட்டன. இ-க்கு 20 மி.லி. போதாது, பியூரெட் 2 மி.லி.-க்கும் சற்று மேல்தான் இறங்கும். அதனால் 50 மி.லி. பிப்பெட்டால் இரு முறை, 100 மி.லி. எடுக்கப்பட்டது.
5. 100 மி.லி. வாலை வடிநீருடன் வெற்றுத் தரம்பார்த்தல் செய்யப்பட்டது.

குடுவை வெள்ளை ஓட்டின் மேல் வைக்கப்பட்டது. அ மாதிரியில் வெண்படிவு தயிர்போல் கட்டிகட்டியாகத் திரள்கிறது. அது கொஞ்சம் குளோரைடைத் தன்மேல் பிடித்துக்கொள்வதால் சிவப்பு சீக்கிரம் தோன்றி, குலுக்கினால் மறையும். நன்றாகக் குலுக்கிய பின்னும் 30 விநாடி நிலைத்த வெளிர் ஆரஞ்சுச் சாயலே முடிவு நிலையாகக் கொள்ளப்பட்டது. அருகில் வெற்றுக் குடுவையை ஒப்பீட்டுக்கு வைத்தது பெரிதும் உதவியது.

குரோமேட் நச்சுப் பொருள், வெள்ளி நைட்ரேட் தோலைக் கறுப்பாக்கும்; கையுறை அணியப்பட்டது. கழிவுகள் தொட்டியில் கொட்டப்படாமல் தனிக் கலனில் சேர்க்கப்பட்டன.

அளவீடுகள் (பியூரெட் செலவு, மி.லி.)

| கரைசல் | 1 | 2 | 3 | எடுத்துக்கொண்ட மதிப்பு | வெற்று கழித்தபின் |
|---|---|---|---|---|---|
| வெற்று | 0.2 | 0.2 | – | 0.2 | – |
| திட்ட NaCl | 20.8 | 20.5 | 20.5 | 20.5 | 20.3 |
| அ | 28.7 | 28.5 | 28.6 | 28.6 | 28.4 |
| ஆ | 12.9 | 12.8 | 12.8 | 12.8 | 12.6 |
| இ | 11.2 | 11.1 | 11.1 | 11.1 | 10.9 |

திட்டக் கரைசலின் முதல் அளவீடு தோராயச் சோதனை. அ மாதிரியில் இவற்றுக்கு முன் வந்த 29.3 நீக்கப்பட்டது: கரைசல் வேகமாக விடப்பட்டதால் குடுவை ஆழ்ந்த செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. மதிப்பு பொருந்தவில்லை என்பதற்காக அது நீக்கப்படவில்லை. நிறத்தைப் பார்த்தபோதே குறிப்பேட்டில் 'தாண்டியது' என்று எழுதப்பட்டது.

கணக்கீடு

வெள்ளி நைட்ரேட்டின் நார்மாலிட்டி = 0.0200 × 20.0 / 20.3 = 0.0197 N

அ மாதிரி = 28.4 × 0.0197 × 35450 / 20.0 = 992 மி.கி./லி.
இதேபோல் ஆ = 440, இ = 76 மி.கி./லி.

பிழைப் பகுப்பாய்வு

அ மாதிரி 1000-க்கு மிக அருகில் நிற்பதால் இந்தப் பகுதியே அறிக்கையின் உயிர்.

20 மி.லி. பிப்பெட்டின் பிழை அ, ஆ முடிவுகளைப் பாதிக்காது. திட்டக் கரைசலையும் மாதிரியையும் அதே பிப்பெட் அளந்ததால், சமன்பாட்டில் அதன் பருமன் மேலும் கீழும் வந்து அடிபட்டுப் போகிறது. இ-க்கு வேறு பிப்பெட் என்பதால் அங்கே அது சேர்க்கப்பட்டது.

ஒரு பியூரெட் செலவின் பிழை:

- தொடக்க, இறுதி அளவீடுகள் (ஒவ்வொன்றும் ±0.05): 0.07 மி.லி.
- வெற்றின் அளவீடு: 0.07 மி.லி.
- முடிவு நிலைத் தீர்மானம், ஒரு துளி: 0.05 மி.லி.
- 50 மி.லி. 'பி' வகுப்புப் பியூரெட்டின் பொறுதி: 0.10 மி.லி.

இவற்றின் இருமடிகளின் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.15 மி.லி. அ-வின் செலவில் இது 0.53%, திட்டப்படுத்தலில் 0.74%. எடைபோடுதலும் 250 மி.லி. குடுவையும் சேர்ந்து 0.14%. மொத்தம் 0.92%, அதாவது 9 மி.கி./லி. இரு தரம்பார்த்தல்களும் பியூரெட்டின் வெவ்வேறு நீளத்தைப் பயன்படுத்தியதால், பியூரெட் பிழை அடிபட்டுப்போகும் என்று கொள்ளவில்லை.

| மாதிரி | குளோரைடு (மி.கி./லி.) |
|---|---|
| அ | 992 ± 9 |
| ஆ | 440 ± 6 |
| இ | 76 ± 1 |

மூன்று அளவீடுகளும் 0.2 மி.லி.-க்குள் ஒத்துப்போனது துல்லியத்துக்குச் சான்றல்ல. திட்டக் கரைசலில் தவறு இருந்தால் மூன்றும் ஒன்றாகவே தவறும். புரோமைடும் அயோடைடும் குளோரைடாகவே கணக்கில் ஏறும். கடல்நீர் கலந்த நீரில் புரோமைடு சிறிதளவு இருக்கும், அதைப் பிரித்தறிய இம்முறையில் வழியில்லை.

முடிவுகள்

இ மாதிரி ஏற்கத்தக்க அளவுக்குள் உள்ளது. ஆ அந்த அளவைத் தாண்டியது; ஆனால் 1000-க்குள் ஐயமின்றி அடங்குகிறது.

அ மாதிரி 983 முதல் 1001 வரை எங்கும் இருக்கலாம். '992, ஆகவே வரம்புக்குள்' என்று எழுத இந்த அளவீடு இடம் தரவில்லை. வரம்பை மீறியது என்றும் சொல்ல முடியாது.

அ, ஆ வேறுபாட்டை மட்டும் வைத்துக் கடல்நீர் உட்புகுந்தது என்று முடிவு கட்டவும் இயலாது. கழிவுநீர்க் கசிவும் குளோரைடைக் கூட்டும். பைகார்பனேட், நைட்ரேட் ஆகியவற்றையும் அளந்து பார்க்க வேண்டும்.

அ-வை மறுபடி அளக்கும்போது 'ஏ' வகுப்புப் பியூரெட்டைப் பயன்படுத்தி, திட்டப்படுத்தலுக்கு அதே பிப்பெட்டால் இரு முறை எடுத்து 40 மி.லி. ஆக்கலாம். செலவு 40.6 மி.லி. ஆகும், மொத்தப் பிழை 0.54%-க்கு இறங்கும். அப்போதும் 992 வந்தால் ±5 என்ற எல்லையோடு 1000-க்குக் கீழ் என்று எழுதலாம்.