மூன்றாம் நிலை அரையாண்டுத் தேர்வு: அக்டோபர் 12, ஒன்றாக உட்கார்ந்து திருத்துவதற்கான திட்டம்

ஐந்து மையங்களின் மூன்றாம் நிலை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தசரா விடுமுறை முடிந்து நம் தமிழ் வகுப்புகள் மறுபடி தொடங்கிவிட்டன. விடைத்தாள்கள் 118-ம் அல்சூர் மையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. யாரும் இன்னும் திருத்தத் தொடங்க வேண்டாம். அக்டோபர் 12, ஞாயிறு காலை 9.30 மணிக்கு அல்சூர் மையத்தின் மாடி அறையில் பத்துப் பேரும் உட்கார்ந்து, ஒரே தாள்களைத் திருத்திப் பார்த்து, ஓர் அளவுக்கு வந்த பிறகுதான் கட்டுகளைப் பிரிக்கப் போகிறோம்.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு பெண்குழந்தை வீடு மாறியதால் பாதியில் ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனாள். புது மையத்தில் அவளை எந்த நிலையில் சேர்ப்பது என்று பார்க்க, பழைய தாளை வாங்கி, மதிப்பெண்ணை மறைத்துவிட்டுத் திருத்தினார்கள். முதலில் கிடைத்தது 71. இப்போது 52. இரண்டு பேருமே அக்கறையாகத் திருத்துகிறவர்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குழந்தை கேட்ட கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது: "அப்போ எனக்கு தமிழ் வருமா, வராதா மிஸ்?" நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

வித்தியாசம் எங்கே வந்தது என்று பார்த்தேன். பகுதி அ-வில் இல்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை போட என்ன இருக்கிறது? பத்தியைப் படித்து விடை எழுதுவதில் இரண்டே மதிப்பெண். மற்றதெல்லாம் கடிதத்திலும் கட்டுரையிலும்தான். அவள் 'மழை நாள்' என்று எழுதிய கட்டுரையின் நடுவில் இருந்து நான்கு வரி, அவள் எழுதியபடியே:

"சில்க் போர்டு கிட்ட பஸ் நின்னு போச்சு. அப்பா என்ன தூக்கிட்டு நடந்தாரு. சொல்ப நேரம் மழை நின்னுது. அப்பா ஷூக்குள்ள தண்ணி போற சத்தம் எனக்கு கேட்டுது."

இதற்கு 30-க்கு ஒருவர் 24 போட்டிருந்தார், இன்னொருவர் 11. முதலாமவர் அந்த ஷூவின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். இரண்டாமவர் 'நின்னு போச்சு', 'நடந்தாரு', கன்னடத்திலிருந்து வந்த 'சொல்ப' எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்துக்கொண்டே போயிருக்கிறார். இரண்டு பேர் பார்த்ததும் தாளில் இருப்பதுதான். எதற்கு எவ்வளவு என்று நாம் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தப் பேச்சைத்தான் 12-ஆம் தேதி பேசப் போகிறோம்.

மாதிரித் தாள்கள் ஆறு. மையத்துக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. இரண்டு நன்றாக எழுதியவை, இரண்டு நடுத்தரம், ஒன்று திணறியது. ஆறாவது, போன வருடக் கட்டுரையைப் போல நம்மை இரண்டாகப் பிரிக்கும் என்று நான் எதிர்பார்க்கும் தாள். பெயர், மையம், வகுப்பாசிரியர் கையெழுத்து எல்லாம் மறைத்து நகல் எடுத்து, தாள் 1 முதல் 6 வரை எண் போட்டிருக்கிறேன். உங்கள் மாணவரின் கையெழுத்து உங்களுக்குத் தெரிந்துவிடும், அதை மறைக்க வழியில்லை. தெரிந்தால் சத்தமாகச் சொல்லாதீர்கள். "பாவம், அவன் வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை" என்று ஒரு வாக்கியம் வந்துவிட்டால் அப்புறம் அந்த அறையில் யாராலும் தாளைத் தாளாகப் பார்க்க முடியாது.

தாள் 1-ம் 2-ம் இந்த வாரமே உங்கள் கைக்கு வந்துவிடும். வீட்டிலேயே தனியாகத் திருத்துங்கள். நகலில் எந்தக் குறியும் போடாமல், பகுதிவாரியாக மதிப்பெண்ணை வேறு காகிதத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒருவருக்கொருவர் போன் செய்து பேசிக்கொள்ள வேண்டாம் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டுக்கொள்கிறேன். நானும் என் மதிப்பெண்ணைச் சொல்லப் போவதில்லை. ஒருங்கிணைப்பாளர் 22 போட்டார் என்று தெரிந்தால் 15 போட நினைத்தவர் 19-க்கு வந்துவிடுவார். அந்த 15-க்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

காலை 9.30-லிருந்து 11 வரை தாள் 1, 2. எல்லாரும் எழுதி வைத்த எண்ணை ஒரே நேரத்தில் மேசை மேல் வைக்கிறோம், நான் பலகையில் எழுதுகிறேன். முதலில் பேச வேண்டியவர்கள் அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும். தாளில் எந்த வரியைப் பார்த்து அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்று காட்ட வேண்டும். "என் முப்பது வருட அனுபவத்தில்" என்று யாரும் தொடங்க வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான். போன ஜூனில் சேர்ந்த ஒயிட்ஃபீல்டு ஆசிரியை சொல்வதும் ஜாலஹள்ளி ஐயா சொல்வதும் அன்றைக்கு ஒரே எடை. சராசரி எடுத்து முடித்துவிடுவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். 11-க்கும் 24-க்கும் நடுவில் பதினேழரை என்று போட்டால், ஏன் பதினேழரை என்று அந்தக் குழந்தைக்கு நம்மில் ஒருவராலும் விளக்க முடியாது.

தேநீருக்குப் பிறகு 11.15-லிருந்து 1 மணி வரை விதிகளை முடிவு செய்கிறோம். வெறும் கையோடு உட்காராமல் இருக்க, என் யோசனைகளை எழுதியிருக்கிறேன். இவை முடிவுகள் இல்லை, உடைத்துப் பேசத்தான்.

கட்டுரை 30: கருத்துக்கும் சொந்தப் பார்வைக்கும் 12, கோவையாகச் சொல்வதற்கு 6, மொழிநடைக்கு 8, எழுத்துப்பிழைக்கு 4. பேச்சுத்தமிழில் எழுதினால் மொழிநடை 8-ல் மட்டும் கை வைக்க வேண்டும், அதே காரணத்துக்காகக் கருத்திலும் குறைக்கக் கூடாது. ஒரு தவறுக்கு ஒரு முறைதான் தண்டனை. சி.பி.எஸ்.இ. விடைத்தாள் திருத்தும் குறிப்பிலும் இது உண்டு. நம்மில் பொதுத்தேர்வுத் தாள் திருத்தப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே குறிப்பில், தகுதி இருந்தால் முழு மதிப்பெண் போடத் தயங்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறது. கட்டுரைக்கு 25-க்கு மேல் போடுவதே இல்லை என்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. மேலே அந்த ஐந்து மதிப்பெண் யாருக்காகக் காத்திருக்கிறது?

எழுத்துப்பிழையில் அதிகம் பேச வேண்டியிருக்கும். ஒரு பிழைக்கு அரை மதிப்பெண், ஒரே சொல் மூன்று இடத்தில் தப்பாக வந்தாலும் ஒரு பிழை. ல, ள, ழ மாறி வேறு சொல்லாகிவிட்டால் குறைக்கலாம்: 'என் பல்லி மிகவும் பெரியது' என்று எழுதினால் படிப்பவருக்குப் பள்ளி தெரியவில்லை. ஆனால் 'பள்ளிக்கு போனேன்' என்பதில் ப் விட்டுப்போனதற்கு மூன்றாம் நிலையில் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து. வல்லினம் மிகும் இடங்களை நாம் நான்காம் நிலையில்தான் சொல்லித்தருகிறோம். சொல்லித்தராததற்கு மதிப்பெண் எடுப்பது நியாயமில்லை. மெல்ல ஒரு கோடு போட்டுக் காட்டினால் போதும். ஜாலஹள்ளி மையத்தில் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். அவர்கள் மூன்றாம் நிலையிலேயே கற்றுத்தந்துவிடுகிறார்கள், அங்கே பிள்ளைகள் நன்றாகவும் எழுதுகிறார்கள். ஐயா, உங்கள் வாதத்தை அன்றைக்கு முழுதாகச் சொல்லுங்கள். பத்துப் பேரும் உங்கள் பக்கம் வந்தால் விதி மாறட்டும்.

கடிதம் 20: அமைப்பு 6, செய்தி 8, மொழி 6. பள்ளியில் ஆங்கிலக் கடிதத்துக்குச் சொல்லித்தருகிறபடி எல்லாவற்றையும் இடது ஓரத்தில் எழுதுகிற பிள்ளைகள் நிறைய. இடமும் நாளும் விளியும் முடிப்பும் உறைமேல் முகவரியும் இருந்தால் சரி, எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம்.

குறள், ஒன்றுக்கு 5: ஏழு சீரும் இருந்து பிரித்தது தப்பு என்றால், எத்தனை இடத்தில் தப்பினாலும் 1 மட்டும் குறையட்டும். ஒரு சீர் விட்டுப்போனால் 1. பொருள் மாறாமல் ஓர் எழுத்துப் பிழை என்றால் அரை. ஏழு சீரையும் ஞாபகம் வைத்திருக்கும் குழந்தைக்குச் சுழி வாங்காத முறை வேண்டும்.

பத்தி வினாக்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. சொந்தச் சொல்லில் எழுதினாலும் பத்தியிலிருந்து எடுத்து எழுதினாலும் விடை இருந்தால் மதிப்பெண்.

1 மணிக்குச் சாப்பாடு. அல்சூர் பெற்றோர்கள் தயிர்சாதமும் புளியோதரையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

2 மணிக்குத்தான் உண்மையான சோதனை. தாள் 3, 4, 5, 6-ஐ புது விதிப்படி தனித்தனியாகத் திருத்துகிறோம், பேச்சு கிடையாது. கட்டுரையில் எல்லாருடைய எண்ணும் 3-க்குள், கடிதத்தில் 2-க்குள் வந்துவிட்டால் விதி வேலை செய்கிறது. வராவிட்டால் விதியின் வாசகத்தில் ஏதோ குழப்பம், அதைத் திருத்தி எழுதுவோம். ஒத்துப்போன மதிப்பெண்ணையும் காரணத்தையும் ஒவ்வொரு நகலின் கீழும் எழுதி எல்லாருக்கும் ஒரு தொகுப்பு தருகிறேன். திருத்தும்போது சந்தேகம் வந்தால் விதியை விட இந்த ஆறு தாள்கள்தான் கை கொடுக்கும். "இது தாள் 4-ஐ விட நன்றாக இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

4 மணிக்குக் கட்டுகளைப் பிரிக்கிறோம். ஆளுக்குப் பன்னிரண்டு தாள் போல வரும், யாருக்கும் சொந்த மையத் தாள் வராது. முதல் ஐந்து தாள்களைத் திருத்தியதும் நிறுத்திவிட்டு, உங்கள் இணை ஆசிரியரிடம் காட்டுங்கள். யாருக்கு யார் இணை என்பதை அன்று சொல்கிறேன். ஐந்தும் சரியாக இருந்தால் மற்றதைத் தொடரலாம். இன்னொரு வேண்டுகோள்: ஒரு தாளை முழுதாக முடித்து அடுத்ததை எடுக்காதீர்கள். முதல் ஐந்தோ மீதியோ, அந்தத் தொகுதியில் எல்லாத் தாள்களின் கடிதத்தையும் முடித்துவிட்டு, அப்புறம் எல்லாத் தாள்களின் கட்டுரை. குறள் அழகாக எழுதியவனுக்குக் கட்டுரையிலும் கை தாராளமாகிவிடும், எனக்கே அப்படி ஆகிறது.

தாள்கள் 19-ஆம் தேதிக்குள் திரும்பி வர வேண்டும். 20 தீபாவளி, அதற்கு முன்னால் முடித்துவிடலாம்.

வருகிற வழி: ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவின் ஊதாத் தடத்தில் நேராக அல்சூர் நிலையம். ஜாலஹள்ளிக்காரர்கள் மெஜஸ்டிக்கில் மாற வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருபவர்களுக்கு இப்போது மஞ்சள் தடம் இருக்கிறது, ஆர்.வி. ரோடில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறினால் சில்க் போர்டு நெரிசல் இல்லாமல் வந்துவிடலாம். சிவப்புப் பேனா வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். அன்றைக்கு நிறைய அழித்து எழுத வேண்டியிருக்கும்.

வர முடியாதவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வராதவருக்குக் கட்டு தர முடியாது, இதில் விதிவிலக்கு வைக்கவில்லை.

அன்புடன்,
மூன்றாம் நிலைத் தேர்வு ஒருங்கிணைப்பாளர்
அல்சூர் மையம், பெங்களூரு